வட்டத்துக்குள் நின்ற கம்பு

என் அண்ணி ஒரு பெரிய மீன் காட்சியகத்தில் கண்ணாடி துடைக்கிறாள். கேட்பவர்கள் இந்த இடத்தில் ஒரு வாளியையும் துணியையும் மனதில் நினைத்துக்கொண்டு, "அப்படியா, நல்லது" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அவள் துடைப்பது உள்பக்கத்தை. ஐந்து மீட்டர் ஆழத் தண்ணீரில், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கி, மீன்களுக்கு நடுவே நின்று துடைக்கிறாள். அதைச் சொன்ன பிறகுதான் அவர்கள் மறுபடியும் நம் பக்கம் திரும்புவார்கள்.

அவள் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில் இருக்கும். மற்ற நேரங்களில் பம்புகளைப் பார்த்துக்கொள்வேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டாலும் கோபம்தான் வரும்.

அண்ணி முதலில் இங்கே டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். ஆறு வருடம். ஒரு ஆள் முழங்கால் நீட்டி உட்கார முடியாத கூண்டு, கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, எதிரே ஓயாமல் வரிசை. பின்னால் இருக்கும் மீன்களை அவள் அந்த ஆறு வருடத்தில் நான்கு தடவைதான் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு நாள், முக்குளிக்கப் பழகிக்கொள்ள யாருக்கு விருப்பம் என்று நிர்வாகம் கேட்டது. ஆண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி கையைத் தூக்கினாள். நீச்சல் தெரியுமா என்று கேட்டதற்கு, "தெரியாது, கத்துக்கிட்டா தெரிஞ்சிடும்" என்றாளாம்.

என் அண்ணன் அதைக் கேட்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் குளிக்கும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஆள். அம்மா மட்டும், "அவ போகட்டும்டா, நீ வீட்ல இருந்து பயப்படு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எட்டு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அண்ணியைச் சுற்றித்தான் கூட்டம். அண்ணன் ஒரு ஓரமாகப் பெருமையாக உட்கார்ந்திருப்பான், ஏதோ அவனே இறங்கித் துடைத்த மாதிரி.

இந்த வருடம் புதிய வட்டத் தொட்டியைத் திறந்தார்கள். பன்னிரண்டு மீட்டர் அகலம். மக்கள் கீழ்த்தளத்தில் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். மேல்தளம் எங்களுக்கு. கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம். அதன் நடுவில் தொட்டியின் வாய், தரையோடு தரையாக. தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தளும்பிக்கொண்டிருக்கும். அதற்குள் இருபத்திரண்டு பாரை மீன்களை விட்டார்கள். ஒவ்வொன்றும் என் கை நீளம் இருக்கும், வெள்ளித் தகடு போல உடம்பு. பாரை ஒரு இடத்தில் நிற்காது. கூட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அழகு. மிரண்டால் மட்டும் அந்த வேகத்தோடு நேராகப் போய்ச் சுவரில் மோதும்.

முதல் மீன் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வாய் உடைந்து மிதந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்னொன்று. மூன்று வாரம் கழித்து மூன்றாவது.

எங்கள் மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. கணக்கும் ஒழுங்கும் உள்ளவர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன அடிக்கோல் இருக்கும். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். மூன்று சாவும் செவ்வாயிலோ வெள்ளியிலோதான். இரண்டுமே அண்ணி இறங்குகிற நாட்கள். மற்ற நாட்களில் மீன்கள் மிரண்டதாக ஒரு குறிப்புகூட இல்லை.

"ஆனா சார், அவங்க இறங்குறதுக்கு முன்னாடியே மிரண்டிருக்குதே" என்றேன்.

"உடை மாட்டுற சத்தம், உருளை வைக்கிற சத்தம்... அதெல்லாம் அதுங்களுக்கு அடையாளம் ஆயிப்போச்சு. இவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சிடுது" என்றார் அவர்.

முதல் வேலையாக, தொட்டி விளிம்பிலிருந்து நான்கு மீட்டர் தள்ளிச் சுற்றிலும் ஒரு வெள்ளைக்கோடு போடச் சொன்னார். அண்ணி இறங்கும் வரை அந்தக் கோட்டுக்கு உள்ளே யாரும் வரக்கூடாது, எந்தச் சாமானும் இருக்கக்கூடாது. காப்புக் கம்பையும் சுவரோரம்தான் சாய்த்து வைக்க வேண்டும் என்றார்.

அந்தக் கம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குள் இருப்பவருக்கு ஏதாவது ஆனால் இழுத்துப் போடுவதற்காக, நான்கு மீட்டர் நீளத்தில் ஒரு குழாய், நுனியில் ஒரு வளையம். யாராவது இறங்குகிற நாட்களில் மட்டும் நடைவழியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது விதி. எடுத்துவருவது நான். முன்பெல்லாம் படுக்கை வசத்தில் தோளில் போட்டுக்கொண்டு வருவேன். ஒரு தடவை திரும்பும்போது பின்முனை போய்த் தீனி போடுபவரின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டது. அன்றிலிருந்து கம்பைக் கொடி பிடிப்பது போல நிமிர்த்திப் பிடித்துத்தான் எடுத்துவர வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டார். கூடத்தின் கதவு பாரம் தூக்கும் வண்டி வருகிற அளவுக்கு உயரமானது. அதனால் நிமிர்த்தியபடியே நுழைந்துவிடலாம்.

மூன்றாவது மீன் செத்த அன்று மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு தடவை மோதினாலும், நீங்க மறுபடியும் கவுண்டருக்குப் போயிடுங்க. கண்ணாடி துடைக்க மிஷின் வாங்கிக்கிறேன்."

அண்ணி வெளியே வந்தாள். நடைவழியில் என்னிடம் சொன்னாள்: "அந்தக் கூண்டுக்குள்ள நான் திரும்பப் போக மாட்டேன். வேலையை விட்டாலும் விடுவேன். ஆனா என்னைப் பார்த்து மிரளலை அதுங்க. என் தலைக்கு மேலயும் காலுக்கு அடியிலயும் சுத்துதுங்க. என் முடியைக் கடிச்சு இழுக்குதுங்க. பயந்தவன் முடியைப் பிடிச்சு இழுப்பானா?"

அவள் போன பிறகு மேலாளர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். 'முக்குளிப்பவரின் வருகையால் மீன்கள் மிரளுவதை நேரில் கண்டேன்' என்று அதில் எழுதியிருந்தது. கயிறு பிடிப்பவன் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் கண்டது மீன்கள் மிரண்டதை. அதற்கு அவள் காரணம் என்பதை நான் காணவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். ஊரெல்லாம் சண்டை போடுகிற நான் அங்கே பெட்டிப் பாம்பாக அடங்கிக் கையெழுத்துப் போட்டேன். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நான் கம்போடு உள்ளே வந்தபோது பாரைகள் ஒரு தடவை சிதறிக் கூடின. நல்லவேளை, எதுவும் மோதவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்தேன். அண்ணி இறங்கினாள். எப்போதும் இறங்கியதும் கண்ணாடிப் பக்கம் போவாள். அன்று போகவில்லை. நேராக நடுத்தொட்டிக்குப் போய், அடியில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

எனக்கு அது தெரியாது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது குமிழி மட்டும்தான். குமிழி ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். கயிற்றை ஒரு முறை இழுத்தேன். அவளும் ஒரு முறை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லை. மறுபடியும் இழுத்தேன். கயிறு அவளுடைய உருளைக்கு அடியில் மாட்டியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. அப்போது அண்ணன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சுவருக்கு ஓடிக் கம்பைத் தூக்கினேன்.

தண்ணீர் வெடித்தது போல இருந்தது. பத்தொன்பது பாரையும் நாலா பக்கமும் பாய்ந்தன. ஒன்று விளிம்புக்கு அடியில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது.

அடுத்த நிமிடம் அண்ணி மேலே வந்து வாய்க்குழாயைத் துப்பினாள். மூச்சு வாங்கக்கூட இல்லை.

"எங்க நின்ன நீ?"

"சுவர்கிட்ட. கோட்டுக்கு வெளிய. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு..."

"கம்பைத் தூக்கினியா?"

"தூக்கினேன்."

அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே செத்துப் பிழைத்திருக்கிறேன், இவள் சிரிக்கிறாள்.

"உன்னைப் பார்த்தேன்டா. கம்பையும் பார்த்தேன். அதுங்களும் பார்த்துச்சு."

அதற்குள் மேலாளர் கீழ்த்தளத்திலிருந்து படியேறி வந்துவிட்டார். அவர் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அண்ணி தண்ணீருக்குள் இருக்கும்போதே மீன்கள் மிரண்டதை அவர் பார்த்தாயிற்று, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மோதிய மீன் பிழைத்துக்கொண்டது, உதடு மட்டும் கிழிந்திருந்தது. ஆனாலும் அவர் குரல் மாறவில்லை. "திங்கட்கிழமையிலேருந்து கவுண்டர்" என்றார்.

"சார், அது கம்பைப் பார்த்து ஓடிச்சு" என்றாள் அண்ணி, தொட்டிப் படியில் உட்கார்ந்தபடியே. "நம்ம இவன் தூக்கின கம்பு. இந்த மீனை எல்லாம் இங்க கொண்டுவந்து விடுறதுக்கு முன்னாடி இதே மாதிரி நீளக் கம்புல வலையைக் கட்டித்தான் பிடிச்சாங்க. அதை அதுங்க மறக்கலை."

மேலாளர் பையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். ஒரு தாளில் தொட்டியை வரைந்தார். அடியில் ஒரு மீன், விளிம்பு, தள்ளிச் சுவர். மீனின் கண்ணிலிருந்து விளிம்பைத் தொட்டபடி ஒரு நேர்கோடு இழுத்தார். கோடு சுவரோரம் நிற்கிறவன் தலைக்கு மேலே போனது. கம்பின் நுனிக்கும் மேலே.

"பாருங்க. விளிம்பு மறைக்குது. ஆழத்துல இருக்கிற மீனுக்குச் சுவரோரம் இருக்கிறது தெரியவே தெரியாது. அதனாலதான் கோடே போட்டேன்."

பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணி அந்தத் தாளை ஈரக்கையால் வாங்கினாள்.

"கோடு நேரா போகாது சார். மடங்கும். வெளிச்சம் தண்ணிக்குள்ள நுழையும்போது கீழ்ப்பக்கமா மடங்கித்தான் போகுது. தரையை ஒட்டிச் சாய்வா வர்ற வெளிச்சம் ரொம்ப மடங்கும், தலைக்கு மேல நேரா வர்றது மடங்கவே மடங்காது. அதனால சுத்துவட்டத்துல இருக்கிற எல்லாமே, கூரை, விளக்கு, கதவு, சுவர், நீங்க, நானு, எல்லாமே நெருக்கியடிச்சுக்கிட்டு ஒரு வட்டத்துக்குள்ள வந்து நிக்குது. நான் இப்போ அடியில படுத்துப் பார்த்தேன். படுத்த இடத்துலேயே தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கண்ணால ஓரத்தைச் சுத்தி வந்தேன். வட்டம் கிட்டத்தட்ட இந்தத் தொட்டி வாய் அளவு இருந்துச்சு. அந்த வட்டத்துல வானம் மொத்தமும் இருக்கு."

"வட்டத்துக்கு வெளியே?"

"வெளியே ஒண்ணுமில்லை சார். கண்ணாடி மாதிரி ஆயிடுது. தொட்டியோட அடித்தரையும் சுவரும்தான் அதுல திரும்பத் தெரியுது. மீனுக்கு வெளி உலகம்னா அந்த ஒரு ஜன்னல்தான். எங்க போனாலும் தலைக்கு மேல கூடவே வரும். ஆழத்துக்குப் போனா தண்ணி மேல வட்டம் பெருசாகும், மேல வந்தா சின்னதாகும். ஆனா அதுக்குள்ள தெரியுறது குறையாது. நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிக்கச் சொன்னீங்க. அவன் தள்ளி நின்னான். ஆனா அதுங்க கண்ணுக்கு அவன் ஜன்னல் ஓரத்துல ஏறி நிக்கிறான். கம்பை நிமிர்த்தினா ஓரத்துலேருந்து வட்டத்துக்குள்ள நீட்டுது, தலைக்கு மேலேருந்து வலை இறங்குற மாதிரி."

மேலாளர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதி புரிந்தது. பாதிக்கு மனம் ஒப்பவில்லை. "சொல்றது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"சொல்லலை. வாங்க, காட்டறேன்."

அடுத்த கூடத்தில் புதிய மீன்களை முதலில் தனியாக வைத்துப் பார்க்கிற சின்னத் தொட்டி இருக்கிறது. அதுவும் தரையோடு தரையாகப் பதித்தது. நான்கு மீட்டர் அகலம், நெஞ்சளவுத் தண்ணீர். அன்று மீன் எதுவும் இல்லை. அண்ணி தன் முகக்கண்ணாடியைக் கழற்றி மேலாளரிடம் நீட்டினாள்.

பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டிடத்தில் இருக்கிற மனிதர், ஒரு நாளும் காலை நனைத்ததில்லை. முடியாது என்றுதான் சொல்வார் என நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். சட்டையைக் கழற்றி மடித்து, அடிக்கோலை அதன் மேல் வைத்தார். பனியனும் கால்சட்டையுமாக ஏணியில் இறங்கினார். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் ஒரு சத்தம் போட்டார். அதை இங்கே எழுத முடியாது. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"நடுவுல போய் உட்காருங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடி வரைக்கும். தலையை நேரா மேலே தூக்காதீங்க, சாய்வா இந்தச் சுவர் பக்கம் பாருங்க" என்றாள் அண்ணி. என்னையும் தண்ணீரில் இறக்கி அவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள், தோளைப் பிடித்து அமுக்க. அப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? நன்றாக அமுக்கினேன்.

அண்ணி விளிம்பிலிருந்து நான்கு மீட்டர் தள்ளிப் போய் நின்றாள். வெறுமனே நின்றாள். அவருடைய நேர்கோட்டுக் கணக்குப்படி அவள் தெரியவே கூடாது.

மேலாளர் மேலே வந்து தண்ணீரைத் துப்பினார். கண் விரிந்திருந்தது.

"நீங்க அங்கேயா நிக்கிறீங்க?"

"அசையலை சார்."

"கிட்டவே தெரிஞ்சீங்க. விளிம்புக்கு மேல. குள்ளமா, அமுக்கி வெச்ச மாதிரி... ஆனா தெளிவா. இடுப்பு வரைக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இருங்க, இன்னொரு தடவை."

இந்தத் தடவை யாரும் அமுக்க வேண்டியிருக்கவில்லை. அவரே முழுகினார். அண்ணி கையோடு கொண்டுவந்திருந்த கம்பை எடுத்து நிமிர்த்தினாள். தண்ணீருக்குள் அவர் தலை சட்டென்று பின்னால் போனதை நான் பார்த்தேன். கம்பு என்று தெரிந்தே பார்த்த மனிதர், கம்புக்கு நான்கு மீட்டருக்கும் அப்பால் இருந்தவர், தலையை ஒதுக்கிக்கொண்டார்.

மூன்றாவது தடவை அண்ணி கம்பைத் தரையோடு படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடக்கிக் குனிந்து நகர்ந்தாள். மேலாளர் தலையை வெளியே நீட்டிச் சுற்றுமுற்றும் தேடினார்.

"எங்க போனீங்க?"

"அதே தூரத்துலதான். ரொம்பத் தாழ்வா இருந்தா ஓரத்துல நூலாட்டம் நசுங்கிடும். மீனுக்கும் அவ்வளவுதான் தெரியும்."

மேலாளர் தண்ணீரிலேயே நின்றார். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. "நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னது நான்" என்றார் கடைசியில். "தள்ளி நிக்கச் சொன்னதும் நான். மூணு மீன் என் கணக்குல." இப்படிச் சொல்கிற மேலாளரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் கவுண்டர் உத்தரவை அங்கேயே வாயால் ரத்து செய்தார். துவட்டிக்கொண்ட பிறகு எழுத்திலும் ரத்து செய்தார்.

வெள்ளிக்கிழமைக்குப் புதிய ஏற்பாடு. கம்பை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது. வழியில் யாரும் நிற்கக்கூடாது, குறிப்பாக மூக்குக்கண்ணாடி போட்டவர்கள். நான் உள்ளே வருகிற இரண்டு நிமிடமும் தண்ணீர்ப் பரப்பில் தூறல் போடுகிற குழாயைத் திறந்துவிட வேண்டும். பரப்பு கலங்கினால் ஜன்னலும் சுக்குநூறாக உடைந்துவிடும், எதுவும் உருவமாகத் தெரியாது. அது என்னுடைய யோசனை. பம்புக்காரனுக்கும் மூளை உண்டு என்று அன்றைக்கு நிரூபித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் கம்பைப் படுக்க வைத்து, இடுப்பு ஒடியக் குனிந்து, தவளை மாதிரி கூடத்துக்குள் நகர்ந்தேன். மேலாளர் கீழே கண்ணாடி முன்னால் நின்றார். பத்தொன்பது பாரையும் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. கம்பைக் கீழே வைத்துக் குழாயை மூடினேன்.

அண்ணி படியில் உட்கார்ந்து காலில் துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் கயிற்றை அவள் இடுப்பில் கட்டினேன். முடிச்சுப் போடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அப்போதே சொல்லிவிட்டேன்.

"அண்ணி... அந்தச் சாட்சித் தாள்ல..."

"கையெழுத்துப் போட்டிருந்த. தெரியும். அன்னிக்கே மேசை மேல பார்த்தேன்."

"அப்புறமும் ஏன் இன்னிக்கு என்னையே கயிறு பிடிக்க விடுறீங்க?"

அவள் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்தது. அது எனக்கு வலித்தது, வலிக்கத்தான் வேண்டும்.

"நான் பதில் சொல்லலைன்னதும் கம்பைத் தூக்கிட்டு ஓடி வந்தது யாரு?" என்றாள். முகக்கண்ணாடியை இறக்கினாள். "ஆனா இனிமே இங்க வரும்போது நல்லா குனிஞ்சு வா."

அவள் தண்ணீருக்குள் போனாள். குமிழிகள் வரிசையாக வரத் தொடங்கின. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நான் நன்றாகக் குனிந்துதான் வருகிறேன்.